டைம்அவுட்டைக் குறைத்து ரீட்ரையைக் கூட்டும் மாற்றத்தை எப்படி ரிவ்யூ செய்வது?

கேள்வி: பெருங்குடியில் ஓர் ஆம்னி பஸ் டிக்கெட் நிறுவனத்தில் பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். எங்கள் சர்ச் சர்வீஸ் சீட் சர்வீஸைக் கூப்பிடும் இடத்தில் டைம்அவுட்டை 3 வினாடியிலிருந்து 1 வினாடியாகக் குறைத்து, இதுவரை ரீட்ரையே இல்லாத இடத்தில் 3 ரீட்ரை சேர்த்து ஒரு பி.ஆர். வந்திருக்கிறது. "மொத்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட பழையபடிதான்" என்கிறார் எழுதியவர். டெஸ்ட் எல்லாம் பாஸ். பொங்கல் புக்கிங் நெருங்குகிறது. சீட் சர்வீஸ் திணறும் நேரத்தில் இது நிலைமையை மோசமாக்குமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

இப்போதிருக்கும் வடிவில் அப்ரூவ் செய்யாதீர்கள். டைம்அவுட்டைக் குறைப்பது ஒரு மாற்றம், ரீட்ரை சேர்ப்பது இன்னொரு மாற்றம். இரண்டும் ஒரே பி.ஆர்.இல் வந்தால் ஒன்றின் ஆபத்தை மற்றது மறைத்துவிடும். முதல் வேலையாக இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம் கீழே வரும் கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு போட்டுப் பாருங்கள். முடிவு செய்ய அந்தக் கணக்கே போதும், உள்ளுணர்வை நம்ப வேண்டியதில்லை.

ஓர் எளிய அமைப்பை வைத்துப் பேசுகிறேன். மொபைல் ஆப், அதற்குப் பின்னால் கேட்வே, அதற்குப் பின்னால் சர்ச் சர்வீஸ், அது கூப்பிடும் சீட் சர்வீஸ், கடைசியில் மைஎஸ்கியூஎல். சாதாரண மாலை நேரத்தில் வினாடிக்கு 400 தேடல் வருகிறது. சீட் சர்வீஸிடம் 40 டேட்டாபேஸ் கனெக்‌ஷன் இருக்கிறது, ஒரு குவெரிக்கு 40 மில்லி வினாடி ஆகிறது. ஒரு கனெக்‌ஷன் வினாடிக்கு 25 குவெரி முடிக்கும், ஆக மொத்தம் வினாடிக்கு 1000. இதுதான் அதன் உச்சத் திறன். வரும் 400க்கு இது இரண்டரை மடங்கு, எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கேட்வேயின் டைம்அவுட் 4 வினாடி, தோற்றால் அது ஒரு முறை மறுபடி முயலும். பல இடங்களில் இந்தக் கேட்வே ரீட்ரை எப்போதோ யாரோ போட்டது, இருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது. உங்கள் இடத்திலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்ஜின்எக்ஸ் வைத்திருந்தால் நீங்கள் எதுவும் எழுதாவிட்டாலும் `proxy_next_upstream` இயல்பாகவே `error timeout` என்று இருக்கும். பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் இருந்தால், டைம்அவுட் ஆன ரிக்வெஸ்ட்டை அது அடுத்த சர்வருக்கு அனுப்பிவிடும்.

இப்போது பி.ஆர்.இல் உள்ளது:

```
- timeout: 3s
- maxAttempts: 1
+ timeout: 1s
+ maxAttempts: 4
+ backoff: 100ms, 200ms, 400ms
```

`maxAttempts` என்பது முதல் அழைப்பையும் சேர்த்த எண்ணிக்கை. என்வாய் ப்ராக்ஸியின் `num_retries` முதல் அழைப்பைச் சேர்க்காத எண்ணிக்கை. ஒரு கான்பிக்கைப் பார்த்து இன்னொன்றில் அதே எண்ணைப் போடும்போது ஒன்று கூடிவிடும், ரிவ்யூவில் இது அடிக்கடி தப்பிவிடுகிறது. சரி, இங்கே 4 முயற்சி என்றே எடுத்துக்கொள்வோம்.

எழுதியவர் சொல்லும் "மொத்தக் காத்திருப்பு பழையபடிதான்" என்பதைச் சோதிப்போம். முதல் முயற்சி 0 முதல் 1 வினாடி வரை. 100 மில்லி வினாடி இடைவெளி. இரண்டாவது 1.1 முதல் 2.1 வரை. மூன்றாவது 2.3 முதல் 3.3 வரை. நான்காவது 3.7இல் தொடங்கி 4.7இல் முடியும். ஆனால் கேட்வே 4.0இல் கிளம்பிவிடுகிறது. ஆகவே நான்காவது முயற்சிக்கு உருப்படியாக இருப்பது 0.3 வினாடிதான், அதற்குப் பிறகு வரும் பதிலை வாங்க ஆள் இல்லை. அதோடு, 4.0இல் கேட்வே தன் இரண்டாவது அழைப்பை அனுப்புகிறது. அதே நேரத்தில் பழைய அழைப்பின் நான்காவது முயற்சி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்வே விட்டுவிட்டது என்று சர்ச் சர்வீஸுக்குச் சொல்லப்படாவிட்டால் அது தொடர்ந்து ஓடும். பெரும்பாலான எச்.டி.டி.பி. அமைப்புகளில் அப்படித்தான் நடக்கிறது.

மாற்றத்தின் நோக்கம் த்ரெட்களைச் சீக்கிரம் விடுவிப்பதாக இருந்தால், அதுவும் தலைகீழாகிறது. சீட் சர்வீஸ் பதிலே தராத நேரத்தில் கேட்வே ரீட்ரையோடு சேர்த்து சர்ச் சர்வீஸுக்கு வினாடிக்கு 800 அழைப்பு வரும். பழைய அமைப்பில் ஒவ்வொன்றும் 3 வினாடி நிற்கும், ஆக 2400 அழைப்புகள் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும். புதியதில் ஒவ்வொன்றும் 4.7 வினாடி நிற்கும், ஆக 3760. ஒவ்வொரு முயற்சியின் காத்திருப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. தேங்கி நிற்கும் மொத்தமோ ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. வருகை வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை வந்துவிடும். டைம்அவுட்டைத் தொடும் எந்தப் பி.ஆர்.க்கும் இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

அடுத்து லோடு. எல்லா முயற்சியும் தோற்கும் நேரத்தில், பயனர் ஒரு தடவை தேடினால் சீட் சர்வீஸுக்கு எத்தனை அழைப்பு போகும்? பழையதில் கேட்வேயின் 2, சர்ச்சின் 1, ஆக 2. புதியதில் 2 பெருக்கல் 4, ஆக 8. வினாடிக்கு 400 தேடல் என்றால் பழையதில் 800 அழைப்பு, புதியதில் 3200. சீட் சர்வீஸின் திறன் 1000. இந்த 1000 என்ற கோட்டுக்கு 800 உள்ளே இருக்கிறது, 3200 வெளியே இருக்கிறது. உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டேட்டாபேஸ் 30 வினாடி உறைந்துபோகிறது என்று வையுங்கள். ஒரு ஃபெயில்ஓவர், அல்லது யாரோ ஓட்டிய கனமான ரிப்போர்ட் குவெரி, காரணம் எதுவானாலும் சரி. சீட் சர்வீஸ் டாம்கேட்டில் ஓடுகிறது. டாம்கேட்டின் இயல்பான அமைப்பில் வேலை செய்யும் த்ரெட் 200, ஆனால் ஏற்றுக்கொள்ளும் கனெக்‌ஷன் 8192. அதாவது 200 பேருக்கு மேல் வருகிறவர்களை அது திருப்பி அனுப்பாது, உள்ளே எடுத்து வரிசையில் நிறுத்தும். கணக்கு எளிதாக இருக்க ஒரே சர்வர் என்று கொள்வோம். உறைந்த 30 வினாடிக்குள் இந்த வரிசை எந்த அமைப்பிலும் நிரம்பிவிடும்.

31ஆவது வினாடியில் டேட்டாபேஸ் முழு நலத்தோடு திரும்பிவிட்டது. வினாடிக்கு 1000 முடிக்கிறது. ஆனால் வரிசையில் 8192 பேர் இருப்பதால், கடைசியில் நிற்பவருக்கு 8 வினாடி கழித்துத்தான் முறை வரும். அவரை அனுப்பிய சர்ச் சர்வீஸோ எப்போதோ டைம்அவுட் ஆகிப் போய்விட்டது. கனெக்‌ஷனை மறுமுனை மூடிவிட்டாலும், ஏற்கெனவே வந்து சேர்ந்த ரிக்வெஸ்ட்டை டாம்கேட் படித்து, டேட்டாபேஸுக்கு அனுப்பி, பதிலை எழுதப் போகும்போதுதான் ஆள் இல்லை என்று தெரியும். எழுந்துபோன பந்திக்கு உட்கார்ந்து பரிமாறுவது போல. டேட்டாபேஸ் முழு வேகத்தில் ஓடுகிறது, சி.பி.யூ. 100 சதவீதம், ஆனால் ஒரு பயனருக்குக்கூடப் பதில் போகவில்லை.

பழைய அமைப்பில் இந்த நேரத்தில் வினாடிக்கு 800 வருகிறது, 1000 முடிகிறது. வரிசை வினாடிக்கு 200 குறைகிறது. 3 வினாடிக்குள் பதில் கிடைக்க வேண்டுமானால் வரிசை 3000க்குக் கீழே வர வேண்டும். 8192இலிருந்து 3000 வரை இறங்க 26 வினாடி. அதற்குப் பிறகு முதல் முயற்சியிலேயே பதில் கிடைப்பதால் ரீட்ரை நின்று, வருகை 400க்கு இறங்கும். மீதி வரிசை 5 வினாடியில் காலி. ஆக அரை நிமிடத்தில் யாரும் தொடாமலே சரியாகிவிடும்.

புதிய அமைப்பில் வினாடிக்கு 3200 வருகிறது, 1000 முடிகிறது. வரிசை குறையவே குறையாது. 1 வினாடிக்குள் பதில் கிடைக்க வரிசை 1000க்குக் கீழே வர வேண்டும், அது நடக்கப் போவதில்லை. எல்லாம் தோற்பதால் எல்லாம் ரீட்ரை ஆகிறது, எல்லாம் ரீட்ரை ஆவதால் எல்லாம் தோற்கிறது. டேட்டாபேஸ் கோளாறு நீடித்தது 30 வினாடி. சேவை முடங்கிக் கிடப்பதோ யாராவது கைவைக்கும் வரை. 2021இல் ஹாட்ஓ.எஸ். மாநாட்டில் வந்த ஓர் ஆய்வுக்கட்டுரை இவ்வகைக் கோளாறுக்கு 'மெட்டாஸ்டேபிள்' என்று பெயர் வைத்தது. தூண்டிய காரணம் போன பிறகும் அமைப்பு தன்னைத்தானே அந்த நிலையில் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இதன் அடையாளம்.

2015 செப்டம்பர் 20 அன்று அமேசானின் டைனமோடிபி, அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் பல மணி நேரம் தடுமாறியதும் இதே வடிவம்தான். சிறு நெட்வொர்க் தடங்கலுக்குப் பிறகு ஸ்டோரேஜ் சர்வர்கள் தங்கள் பொறுப்பில் உள்ள பகுதிகளின் விவரத்தை மெட்டாடேட்டா சர்வீஸிடம் கேட்டன. அந்த விவரம் அளவில் வளர்ந்திருந்ததால் பதில், அனுமதித்த நேரத்துக்குள் வரவில்லை, அவை மறுபடி மறுபடி கேட்டன. லோடு எந்த அளவுக்குப் போனதென்றால், கூடுதல் திறன் சேர்க்கத் தேவையான நிர்வாகக் கட்டளைகளைக்கூட அந்த மெட்டாடேட்டா சர்வீஸ் ஏற்க முடியவில்லை. கடைசியில் அந்தக் கேள்விகளை நிறுத்திவைத்துவிட்டுத்தான் திறனைக் கூட்ட முடிந்தது. அமேசானே வெளியிட்ட விளக்கத்தில் இது இருக்கிறது.

ஆகவே ரிவ்யூவில் நீங்கள் கேட்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று. கீழே இருக்கும் சர்வீஸின் உச்சத் திறனை, எல்லாம் தோற்கும் நேரத்துப் பெருக்கத்தால் வகுங்கள். பழையதில் 1000 வகுத்தல் 2, அதாவது 500. புதியதில் 1000 வகுத்தல் 8, அதாவது 125. ஒருமுறை சறுக்கிவிட்டால், பயனர் வருகை இந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால்தான் அமைப்பு தானாக எழும். பழையதில் 400 வந்தாலும் எழுந்துவிடும். புதியதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட பயனர்களைக் கேட்வேயில் தடுத்து 125க்குக் கீழே கொண்டுவந்தால்தான் எழும். பி.ஆர். விளக்கத்தில் இந்த எண் இல்லையென்றால், போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் தேடும் நேரத்தில் 400 என்பது 700 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பழைய அமைப்பிலேயே 1400 வரும், அதுவும் 1000க்கு மேல்தான். எனவே புதிய பி.ஆர்.ஐ நிறுத்திவிட்டால் மட்டும் பொங்கலைத் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், இருக்கிற கேட்வே ரீட்ரையே பண்டிகை நேரத்துக்குத் தாங்காது. மேலும் பயனர்களும் ரீட்ரை செய்வார்கள். ஜனவரியில் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஒரு சீட் கிடைக்குமா என்று தேடுபவர், திரை சுற்றிக்கொண்டே இருந்தால் பின்னால் போய் மறுபடி தேடுவார். அந்தப் பெருக்கத்தை உங்கள் கான்பிக்கால் கட்டுப்படுத்த முடியாது. அதனால்தான் நம் கையில் இருப்பதை இறுக்கமாக வைக்க வேண்டும்.

"பேக்ஆஃப் வைத்திருக்கிறோமே" என்று பதில் வரும். எப்போதும் வரும். பேக்ஆஃப் முயற்சிகளைத் தள்ளிவைக்கும், எண்ணிக்கையைக் குறைக்காது. ஒரே கிளையண்ட் ஒன்றன்பின் ஒன்றாக வேலை அனுப்பும் இடத்தில், அது காத்திருக்கும்போது புதிய வேலை வராது, அதனால் லோடு உண்மையிலேயே குறையும். உங்கள் இடம் அப்படியல்ல. ஒவ்வொரு வினாடியும் புதிதாக 400 பேர் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்த வினாடி வந்தவர்களின் நான்காவது முயற்சியை 3 வினாடி தள்ளினால், அது 3 வினாடி கழித்து வருபவர்களின் முதல் முயற்சியோடு சேர்ந்து போய் நிற்கும். தொடக்கத்தில் சில வினாடி மெதுவாக ஏறும், ஏறி நிற்கும் உயரம் அதே 3200தான். இடைவெளியில் ஜிட்டர் சேர்ப்பது, எல்லாரும் ஒரே கணத்தில் மோதுவதைத் தடுக்கும். அது வேண்டியதுதான், அதற்கும் மொத்தத்தைக் குறைக்கும் சக்தி இல்லை.

மொத்தத்தைக் குறைப்பது ரீட்ரை பட்ஜெட். வழக்கமான ரீட்ரை எண்ணிக்கை ஒரு ரிக்வெஸ்ட்டை மட்டும் பார்க்கிறது. பட்ஜெட் எல்லா ரிக்வெஸ்ட்டையும் சேர்த்துப் பார்க்கிறது. பத்து சதவீதப் பட்ஜெட் என்றால், 100 முதல் அழைப்புக்கு 10 ரீட்ரை வரைதான் அனுமதி, அதற்கு மேல் தோற்றவை தோற்றவையாகவே திரும்பும். ஒரு சர்வர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகி ஒரு சதவீத அழைப்புகள் தோற்கும் நாளில் பட்ஜெட் தாராளமாகப் போதும், பயனருக்கு எதுவும் தெரியாது. எல்லாம் தோற்கும் நாளில் பெருக்கம் 1.1ஐத் தாண்டாது. ரீட்ரையால் பயன் கிடைப்பது தோல்விகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரும்போதுதான். அப்படிப்பட்ட நாளில் ஒரு ரீட்ரையே ஒரு சதவீதத் தோல்வியைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்கிவிடும். மூன்றாவது, நான்காவது முயற்சியால் அங்கே கூடுதலாகக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. தோல்விகள் எல்லாம் ஒரே காரணத்தால் வரும் நாளில் எந்த ரீட்ரையும் உதவாது.

நீங்கள் பயன்படுத்தும் ரீட்ரை லைப்ரரியில் பட்ஜெட் வசதி இல்லாவிட்டால், எழுதிக்கொள்வது பெரிய வேலையில்லை. ஒரே கவுண்டர் போதும், பல த்ரெட்கள் தொடுவதால் பூட்டோடு:

```java
// ஒவ்வொரு முதல் அழைப்பின்போதும்
tokens = Math.min(20, tokens + 0.1);

// ரீட்ரைக்கு முன்
if (tokens < 1) throw lastError;
tokens -= 1;
```

மேல்வரம்பு 20 என்பது ஒரு சர்வருக்கு. சர்ச் சர்வீஸ் 10 சர்வரில் ஓடினால், கோளாறு தொடங்கியதும் ஒருமுறை 200 கூடுதல் அழைப்பு வரலாம், அதற்கு மேல் இல்லை. இது பரவாயில்லை. மேல்வரம்பை 1000 என்று போட்டிருந்தால் பேசுங்கள். ஜி.ஆர்.பி.சி. பயன்படுத்தினால் `retryThrottling` இதே வேலையைச் செய்யும். தோல்விக்கு ஒரு டோக்கன் குறையும், வெற்றிக்கு `tokenRatio` அளவு கூடும், பாதிக்கு இறங்கியதும் ரீட்ரை நிற்கும். என்வாயில் `retry_budget` இருக்கிறது, அதன் இயல்பு மதிப்பு 20 சதவீதம். ஆனால் அது அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ரிக்வெஸ்ட்களின் சதவீதம், வினாடிக் கணக்கு அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

பட்ஜெட்டோடு இன்னொரு முடிவும் வேண்டும். ரீட்ரை எந்த அடுக்கில் இருக்க வேண்டும்? ஓர் அடுக்கில் மட்டும். உங்கள் அமைப்பில் அது சர்ச் சர்வீஸாக இருக்கட்டும், ஏனென்றால் சீட் சர்வீஸின் எந்தத் தோல்வி எப்படிப்பட்டது என்று அதற்குத்தான் தெரியும். கனெக்‌ஷனே கிடைக்காமல் தோற்றால் அந்தப் பக்கம் வேலை எதுவும் தொடங்கியிருக்காது, மறுபடி முயல்வது மலிவு. டைம்அவுட்டில் தோற்றால் பழைய வேலை இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம், மறுபடி அனுப்புவது இரட்டைச் செலவு. கேட்வேக்கு இரண்டும் ஒரே 5xx ஆகத்தான் தெரியும். எனவே கேட்வேயில் ரீட்ரையை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது அதே 30 வினாடிக் கோளாறை மறுபடி ஓட்டிப் பாருங்கள்: டைம்அவுட் 1 வினாடி, சர்ச்சில் ஒரே ஒரு ரீட்ரை, பத்து சதவீதப் பட்ஜெட், கேட்வேயில் ரீட்ரை இல்லை. டேட்டாபேஸ் திரும்பும்போது வருகை 440, முடிவது 1000. வரிசை வினாடிக்கு 560 குறையும். 8192இலிருந்து 1000க்கு இறங்க 13 வினாடி. பழைய அமைப்பைவிடச் சீக்கிரம் எழுகிறது. பொங்கல் நேரத்து 700 வந்தாலும் 770தான் ஆகும், 1000க்கு உள்ளேயே. எழுதியவர் விரும்பிய 1 வினாடி டைம்அவுட்டும் கிடைத்துவிட்டது. அவரிடம் இதை இப்படிச் சொன்னால் எதிர்ப்பு வராது, ஏனென்றால் அவருடைய நோக்கம் தவறானதல்ல.

ஆனால் அந்த 1 வினாடியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சராசரி 40 மில்லி வினாடி என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கடந்த தீபாவளி வாரத்தின் மாலை நேரத்தில், அழைப்புகளில் 99.9 சதவீதம் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்று எடுத்துப் பாருங்கள். அது 900 மில்லி வினாடி என்றால், 1 வினாடி என்பது விளிம்பில் நிற்பது. டேட்டாபேஸ் சற்றே மெதுவாகி 1.2 வினாடி ஆனாலும், 3 வினாடி டைம்அவுட்டில் பயனருக்குக் கொஞ்சம் தாமதம் மட்டுமே. 1 வினாடி டைம்அவுட்டில் அதே நிலை முழுத் தோல்வி, அப்புறம் ரீட்ரை. அந்த எண் 300 மில்லி வினாடிக்குள் இருந்தால் 1 வினாடி நல்ல தேர்வு.

டைம்அவுட் ஆனதும் உள்ளே ஓடும் வேலை நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஜாவாவில் `socketTimeout` கனெக்‌ஷனை மூடும், மைஎஸ்கியூஎல் சர்வரில் குவெரி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். `SHOW PROCESSLIST` போட்டால் யாருக்காகவும் இல்லாத குவெரிகள் அங்கே தெரியும். சீட் தேடல் வெறும் `SELECT` என்பதால், சர்வர் பக்கத்திலேயே வரம்பு வைக்கலாம்:

```sql
SET SESSION MAX_EXECUTION_TIME = 800;
```

அளவு மில்லி வினாடியில், `SELECT`க்கு மட்டும் செல்லும். கூப்பிடுபவரின் 1 வினாடியைவிடக் குறைவாக இருப்பதுதான் முக்கியம். உள்ளே போகப் போக டைம்அவுட் குறைந்துகொண்டே வர வேண்டும். அதேபோல டாம்கேட்டின் `maxConnections` 8192 என்பதை இந்த சர்வீஸுக்கு 800 அளவுக்குக் குறைத்தால், வரிசை ஒருபோதும் 0.8 வினாடிக்கு மேல் நீளாது. உள்ளே வந்தவர்களுக்குப் பதில் நேரத்தோடு போகும், இடம் கிடைக்காதவர்கள் வாசலிலேயே காத்திருந்து தோற்பார்கள். கேட்வேயோ சர்ச் சர்வீஸோ கனெக்‌ஷனைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் உள்ளது என்றால், சும்மா நிற்கும் கனெக்‌ஷனும் இந்த 800இல் சேரும், அதைப் பார்த்து எண்ணை வையுங்கள். கனெக்ட் டைம்அவுட்டையும் தனியாகச் சிறியதாக, 200 மில்லி வினாடி போல, வைக்க மறக்காதீர்கள்.

டெஸ்ட் எல்லாம் பாஸ் என்பது இங்கே எதையும் சொல்லாது, ஏனென்றால் அந்த டெஸ்ட்களில் ஒரே ஒரு ரிக்வெஸ்ட்தான் போகிறது. ஸ்டேஜிங்கில் ஒரு சோதனை கேளுங்கள். லோடு அனுப்பும் கருவி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் வினாடிக்கு இத்தனை என்று அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கே6இல் அதற்குப் பெயர் `constant-arrival-rate`, வெஜிட்டா இயல்பாகவே அப்படித்தான். 50 பயனர்கள் பதிலுக்குக் காத்திருந்து அடுத்ததை அனுப்பும் வகைக் கருவியை வைத்தால், சர்வர் மெதுவானதும் கருவியும் மெதுவாகிவிடும், ரீட்ரை வெள்ளம் கண்ணில் படவே படாது. இரண்டு நிமிடம் சாதாரண லோடு ஓடட்டும். பிறகு டேட்டாபேஸ் மெஷினில் தாமதம் சேருங்கள், 30 வினாடி கழித்து எடுத்துவிடுங்கள்:

```
tc qdisc add dev eth0 root netem delay 2000ms
sleep 30
tc qdisc del dev eth0 root
```

இதே இன்டர்ஃபேஸ் வழியாக அந்த மெஷினில் லாகின் செய்திருந்தால் உங்கள் டெர்மினலும் 2 வினாடி பின்தங்கும், அதனால் மூன்று வரியையும் ஒரே ஸ்கிரிப்டாக ஓட்டுங்கள். தாமதம் இருக்கும்போது தோல்வி வருவது இயல்புதான், அதைப் பார்க்க வேண்டாம். எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். சீட் சர்வீஸுக்குப் போகும் மொத்த அழைப்பை, பயனர் தேடல்களால் வகுத்து ஒரு கிராஃப் வரைந்துகொள்ளுங்கள். நலமான நேரத்தில் அது 1ஐ ஒட்டி நிற்கும். தாமதத்தை எடுத்த அரை நிமிடத்துக்குள் மறுபடி 1க்கு வந்துவிட்டால் மாற்றம் பாதுகாப்பானது. 8இலேயே நின்றால், தாமதத்தை எடுத்த பிறகும் நின்றால், அந்தப் படத்தையே பி.ஆர்.இல் ஒட்டிவிடுங்கள், வேறு வாதம் வேண்டாம். இதே கிராஃபை ப்ரொடக்‌ஷனிலும் நிரந்தரமாக வையுங்கள். அது 1.05ஐத் தாண்டி ஒரு நிமிடம் நின்றால் ஆன்கால் ஆளுக்கு அழைப்பு போகட்டும்.

சீட்டை லாக் செய்வது, பணம் எடுப்பது போன்ற அழைப்புகள் இந்த கிளையண்ட் கான்பிக்கையே பகிர்ந்துகொள்கின்றனவா என்றும் ஒரு பார்வை பாருங்கள். தேடலை இரண்டு முறை செய்தால் லோடு மட்டும்தான் கூடும். அவற்றை இரண்டு முறை செய்தால் ஒரே பயணிக்கு இரண்டு சீட் போகும். தனி அடையாள எண் வைத்து, இது ஏற்கெனவே செய்த வேலைதான் என்று மறுபக்கம் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இல்லாத அழைப்புக்கு ரீட்ரை பூஜ்யம்.

அப்ரூவ் செய்வதற்கு முன் கடைசியாக இரண்டு கேள்வி. ரீட்ரையை டெப்லாய் இல்லாமல் அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா? `maxAttempts` ஜார் ஃபைலுக்குள் இருந்தால், நெருக்கடி நேரத்தில் பில்டு முடிந்து சர்வர்கள் ஒவ்வொன்றாக மாறும் வரை எல்லாரும் கைகட்டி நிற்க வேண்டும். ஓடும்போதே படிக்கும் கான்பிக்கில் இருந்தால், அதை 1 ஆக்கிய உடனே பெருக்கம் 8இலிருந்து 2க்கு வரும், 3200 என்பது 800 ஆகும், 1 வினாடி டைம்அவுட்டுக்கு வரிசை 1000க்குக் கீழே இறங்க 36 வினாடி, அதோடு அமைப்பு எழுந்துவிடும். இந்தச் சுவிட்ச் இருக்கும் இடத்தையும், மாற்றும் கட்டளையையும் ஆன்கால் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்த வரிசையில் டெப்லாய் ஆகப் போகிறது? கேட்வேயின் ரீட்ரையை எடுப்பது முதலில் போக வேண்டும், அது நிலைத்த பிறகு சர்ச் சர்வீஸின் மாற்றம். தலைகீழாகப் போனால் நடுவில் சில மணி நேரம் இரண்டு அடுக்கிலும் ரீட்ரை இருக்கும். திரும்பப் பெற வேண்டிவந்தால் எதிர்த்திசையில், சர்ச் முதலில், கேட்வே அப்புறம். இரண்டையும் பொங்கல் முன்பதிவுக் கூட்டம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது முடித்து, ஒரு சாதாரண வார இறுதியின் வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தை அந்த அமைப்பு தாண்டுவதை அந்த கிராஃபில் பார்த்துவிடுங்கள்.